சிறுகதை "இணைச்சீர்": கடைசிக் காட்சி பற்றி உங்கள் கருத்து வேண்டும்

சிவதாபுரத்துக்காரி

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிறுகதை எழுதி முடித்திருக்கிறேன், முடிவு மட்டும் உறுத்துகிறது. முழுக்கதையும் நீளம் என்பதால் முன்பகுதியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுக் கடைசிக் காட்சியை அப்படியே போடுகிறேன். முழுக்கதை வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.

பூங்கொடிக்கு 34 வயது. சங்ககிரிப் பக்கம் பிறந்து சேலம் சிவதாபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டு முன்னறையிலேயே கொலுசுப் பட்டறை. கணவன் வெள்ளிக் கம்பி இழுத்து வளையம் கோத்துத் தருவான், இவள் பத்த வைப்பாள். வளையம் சேருகிற இடத்தில் பொடி வைத்து, கேஸ் தீயை ஊதி நுனியை மெலிசாக்கிக் காட்ட வேண்டும். ஒரு நொடி கூடினால் வளையமே உருகிவிடும், அதனால் முகம் தீயை ஒட்டியேதான் இருக்கும். இரண்டாவது பிரசவத்தின்போது இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு விழுந்தது. பிள்ளைக்கு ஆறு வயதாகியும் போகவில்லை. பார்லரில் கொடுத்த கிரீமை மாதக்கணக்கில் தடவிக்கொண்டிருக்கிறாள்.

தம்பிக்குக் கல்யாணம், மண்டபம் சங்ககிரியில். காலையில் கிளம்பும்போது அந்தக் கிரீம் டப்பாவைக் குப்பையில் எறிந்துவிட்டு வருகிறாள். இருந்தாலும் மண்டபத்தில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசலில் சித்தி கேட்டதற்கு, "பட்டறைச் சூடு சித்தி. மருந்து போட்டுட்டுத்தான் இருக்கேன்" என்கிறாள். பழைய பள்ளித்தோழியிடம், "ராத்திரி தூக்கமே இல்லடி, அதான் இப்படித் தெரியுது." போட்டோகிராபரிடம், "நான் ஓரமா நின்னுக்கறேன் தம்பி." பந்தியில் பெண்ணின் அம்மாவிடம், "பொண்ணு நல்ல கலருங்க. எங்க வீட்டுல நான்தான் இப்படி ஆயிட்டேன்." மாப்பிள்ளைக்குச் செய்கிற இணைச்சீர்ச் சடங்கு நடக்கும்போதும் மேடை ஓரமாகவே நிற்கிறாள். அப்போது பெரியம்மா எல்லோர் முன்னாலும் கேட்கிறார். இனி கதையில் இருப்பது:

"ஏங் கண்ணு, மூஞ்சிக்கு என்னாச்சு? போன வருஷம் நல்லாத்தானே இருந்தே?"

பூங்கொடி மேடையின் நடுவுக்கு வந்தாள். "இது என் முகம் பெரியம்மா. ரெண்டு புள்ளை பெத்த முகம். தீக்கு முன்னால உக்காந்து சம்பாதிச்சுக் குடும்பத்தைக் காப்பாத்தற முகம். இதுக்காக நான் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க வேண்டியதில்ல. இனி யாரும் என் முகத்தைப் பத்திக் கேக்காதீங்க."

மண்டபம் அமைதியானது. பின்வரிசையில் ஒரு கல்லூரிப் பெண் கை தட்டினாள். பிறகு எல்லாப் பெண்களும் தட்டினார்கள்.

அவ்வளவுதான். படித்த தோழி ஒருத்தி பட்டிமன்றம் மாதிரி இருக்கிறது என்றாள். ஆனால் அவள் நிறுத்தியே ஆக வேண்டும், அதுதான் கதை. வேறு எப்படி நிறுத்த வைப்பது?

ராஜ்_85

எனக்கு இந்த முடிவுதான் பிடித்தது. நாலு இடத்தில் தலைகுனிந்தவள் ஐந்தாவது இடத்தில் நிமிர்ந்து நாலு வார்த்தை பேசுகிறாள். இதைக்கூடப் பேசக்கூடாது என்றால் எப்படி?

ஒரே ஒரு தகவல் பிழை. பிரசவத்தில் வருகிற மங்கு குழந்தை பிறந்த சில மாதத்தில் தானாகவே போய்விடும். என் அக்காவுக்குப் போய்விட்டது. ஆறு வருஷம் நிற்கிறது என்றால் அது ரத்தசோகை, இல்லாவிட்டால் ஈரலில் கோளாறு. அதைக் கதையில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நம்ப மாட்டார்கள்.

அம்மாபேட்டை வாசகர்

ஒரு சிற்றிதழுக்குப் பல வருஷம் கதைகள் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் அனுப்பிய முழுக்கதையையும் மூன்று முறை படித்தேன். முன்பகுதி உண்மையிலேயே பலமானது, அதனால்தான் முடிவு வலுவிழந்து தெரிகிறது.

பூங்கொடி நாலு இடத்தில் மன்னிப்புக் கேட்கிறாள். ஒரு இடத்திலும் "மன்னிச்சுக்குங்க" என்று வரவில்லை, நம் குடும்பங்களில் யாரும் அப்படிச் சொல்வதும் கிடையாது. காரணம் சொல்வதுதான் அவள் கேட்கிற மன்னிப்பு. சூடு, தூக்கமில்லை, மருந்து போடுகிறேன். நாலாவது இடம் எல்லாவற்றையும் விடக் கனமானது. பெண்ணைப் புகழ வேண்டும், அதற்குத் தன்னைத் தாழ்த்திக்கொள்கிறாள். கேட்காமலே சொல்கிறாள். அந்த வரியை யார் சொன்னாலும் தொடாதீர்கள்.

இப்போது கடைசிப் பேச்சைப் பாருங்கள். ரெண்டு புள்ளை பெத்த முகம், குடும்பத்தைக் காப்பாத்தற முகம். இவையும் காரணங்கள்தான். சித்தியிடம் சின்னக் காரணம் சொன்னவள் இங்கே மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி பெரிய காரணம் சொல்கிறாள். பிள்ளை பெறாத, சம்பாதிக்காத ஒருத்திக்கு இந்த முகம் இருந்தால் அவள் பதில் சொல்ல வேண்டும் என்று ஆகிவிடுகிறது. நிறுத்தப் போகிறவள் இன்னும் நிறுத்தவில்லை.

நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். சித்தியிடம் சொன்ன "பட்டறைச் சூடு, மருந்து போட்டுட்டுத்தான் இருக்கேன்" என்ற அதே வாக்கியத்தை, ஓர் எழுத்தும் மாற்றாமல், தோழியிடமும் சொல்ல வைப்பேன். தூக்கத்தை எடுத்துவிடலாம். இரண்டு முறை கேட்டுவிட்டால் மூன்றாவது முறை கேள்வி வரும்போதே வாசகர் மனசுக்குள் அந்தப் பதிலைச் சொல்லத் தொடங்கிவிடுவார். அப்போது அவள் அதைச் சொல்லாமல் விட்டால் அது காதில் விழும். இப்போது நாலு இடத்தில் நாலு விதமான பதில் இருப்பதால், ஐந்தாவது இடத்தில் எது இல்லாமல் போனது என்று யாருக்கும் தெரியாது.

கைதட்டலை எடுத்துவிடுங்கள். மற்றவர்கள் சரி என்று சொல்லித்தான் அவளுக்கு நிம்மதி வர வேண்டும் என்றால், காலையிலிருந்து அவள் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறாள்.

மருந்துக்கடைத் தம்பி

ராஜ் அண்ணா சொன்னதில் பாதி சரி. பிரசவத்தில் வந்த மங்கு நிறையப் பேருக்குக் குறைந்துவிடும், சிலருக்கு வருஷக்கணக்கில் நிற்கும். வெயில் பட்டால் கூடும். கர்ப்பத்தடை மாத்திரையாலும் வரும். தீக்கு முன்னால் வேலை செய்கிறவர்களுக்குச் சூட்டாலேயே கூடும் என்று தோல் டாக்டர்கள் சொல்வார்கள், அதனால் பட்டறையைக் காரணமாக வைத்தது பொருத்தம்தான். ரத்தசோகையையோ ஈரலையோ கொண்டுவரத் தேவையே இல்லை. மங்கு என்றதும் ஈரல் டானிக் கேட்டு எங்கள் கடைக்கு எத்தனையோ பேர் வருகிறார்கள்.

எனக்கு இடிக்கிறது அந்தக் கிரீம் டப்பாதான். பார்லரில் லேபிள் இல்லாமல் கொடுப்பதில் என்ன இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் மாதக்கணக்கில் தடவி முகம் பளிச்சென்று ஆகிறது என்றால் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். கடையில் கிடைக்கிற மூன்று மருந்துக் கலவையும் அதே மாதிரிதான். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், கூடவே மொமெட்டாசோன் என்கிற ஸ்டீராய்டு. டாக்டர் பார்த்துச் சில வாரத்துக்கு எழுதிக் கொடுத்தால் அது நல்ல மருந்து. ஜனங்கள் அதை முகப்பவுடர் மாதிரி தினமும் போடுகிறார்கள். தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பாக மெல்லிய ரத்தக்குழாய் தெரியும். பரு வரும், முடி முளைக்கும். 2018ல் மத்திய அரசு இந்த ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று சொன்ன பிறகும் பழைய காலி டியூபைக் காட்டி "இதே கொடுங்க" என்று கேட்கிறவர்கள் நின்றபாடில்லை.

இதில் கதைக்கு என்ன வந்தது என்றால், இவ்வளவு நாள் போட்டதைத் திடீரென்று விட்டால் முகம் சும்மா இருக்காது. சில நாளிலேயே சிவந்து, எரிந்து, பொரிப்பொரியாக வரும். முன்னைவிட மோசமாகத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடியும் அதே டியூபுக்கு ஓடுவார்கள், இப்படித்தான் விட முடியாமல் போகிறது. உங்கள் பூங்கொடி காலையில் டப்பாவை எறிந்துவிட்டு மண்டபத்துக்கு வருவதைத் தைரியம் மாதிரி காட்டியிருக்கிறீர்கள். படிக்கிற ஒரு அக்கா அதே மாதிரி எறிந்தால் பத்து நாளில் அழுதுகொண்டு நிற்பார். டாக்டரிடம் காட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டியது அது. மருந்து போடுவதும் போடாததும் அவள் இஷ்டம். அதற்காக ஊருக்குக் காரணம் சொல்வதை அவள் விட்டால் போதாதா?

லாவண்யா_ஓமலூர்

அக்கா, உங்கள் பதிவைப் பார்த்ததும் எனக்கே எழுதின மாதிரி இருந்தது. எனக்கும் இரண்டு கன்னத்திலும் இதே மாதிரிதான். வர்ற மாதம் நாத்தனார் வீட்டு வளைகாப்பு. பார்லரில் கொடுத்த நைட் கிரீம் நாலு மாதமாகப் போடுகிறேன். முதலில் நன்றாக இருந்தது, இப்போது வெயிலில் போனாலே கன்னம் எரிகிறது. நீங்கள் எந்தக் கிரீமுக்கு மாறினீர்கள்? கஸ்தூரி மஞ்சளும் தயிரும் போட்டால் வளைகாப்புக்குள் சரியாகுமா?

மருந்துக்கடைத் தம்பி

லாவண்யா அக்கா, இது கதை, அவங்க அனுபவம் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது முக்கியம். எரிகிற முகத்தில் மஞ்சள், எலுமிச்சை, தயிர் எதுவும் வைக்காதீர்கள். அந்தக் கிரீமால் தோல் மெலிந்து வந்த எரிச்சலாக இருக்கலாம், ஆனால் நேரில் பார்க்காமல் சொல்லக்கூடாது. அந்த டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். எறிந்துவிட்டுப் போகாதீர்கள், அதைப் பார்த்தால்தான் அவருக்கு ஒரு பிடி கிடைக்கும். சேலம் அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். சன்ஸ்கிரீன் போடுவதாக இருந்தால் தோல் நிறச் சாயம் கலந்தது மங்குக்குக் கூடுதலாக உதவும். அதையும் எரிச்சல் அடங்கினதும் அவரைக் கேட்டுவிட்டே போடுங்கள். வளைகாப்புக்குள் முழுசாகப் போய்விடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

சங்ககிரிப் பெரியவர்

கதை எழுதின அம்மிணிக்கு வணக்கமுங்க. எனக்குக் கதை இலக்கணமெல்லாம் தெரியாது. கல்யாணம் தெரியும், அதிலே ஒரு தப்பு இருக்குது.

இணைச்சீர் நடக்கறப்போ மாப்பிள்ளை கூடப்பொறந்தவ மேடை ஓரமா நிக்க முடியாதுங்க. அந்தச் சீரே அவளுக்காகத்தான். மாப்பிள்ளைக்கு இணையா அவளை வெச்சுத்தான் அருமைக்காரர் சீர் செய்வார். கூறைச்சேலையோட ஒரு தலைப்பு தம்பி கையிலே, இன்னொரு தலைப்பு அக்கா கையிலே. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், ஆனா அவ இல்லாம அந்தச் சீர் இல்லை. கூடப்பொறந்தவ இல்லாத வீட்டிலே பங்காளி வகையிலே ஒரு பொண்ணைத் தேடிக் கூட்டிட்டு வந்து நிறுத்துவாங்க. சீர் முடியற வரைக்கும் அவ கை சேலையை விடக்கூடாது. சனம் எல்லாம் அவளைத்தான் பார்க்கும்.

கதைக்கு இணைச்சீர்ன்னு பேர் வெச்சுட்டு அவளை ஓரத்திலே நிறுத்தினா எங்க ஊர்க்காரங்க அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிருவாங்க.

அம்மாபேட்டை வாசகர்

ஐயா சொன்னதுதான் இந்தக் கதைக்குத் திறவுகோல். காலையிலிருந்து ஒதுங்கி ஒதுங்கி நின்றவள் ஒதுங்கவே முடியாத இடம் இது. இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் கதையில் யார் பேசினாலும் அவள் முந்தானையை எடுத்துக் கன்னத்தோரம் வைத்துக்கொள்கிறாள் என்று வாசல் காட்சியில் ஓரிடத்தில் இருக்குமே?

சிவதாபுரத்துக்காரி

ஆமாம், இருக்கிறது. சித்தியிடம் பேசும்போதும், போட்டோகிராபரிடம் பேசும்போதும் வியர்வை துடைக்கிற மாதிரி வைத்துக்கொள்வாள். இங்கே சுருக்கத்தில் விட்டுவிட்டேன்.

அம்மாபேட்டை வாசகர்

அப்படியானால் கை இரண்டிலும் கூறைச்சேலைத் தலைப்பைக் கொடுத்துவிடுங்கள். முந்தானைக்கு இனி கை கிடையாது. மேடையில் அவளைத் துணிச்சலாக நடக்க வைக்கத் தேவையே இல்லை, சீர் அவளை நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டது. அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான் மிச்சம். கேள்விக்குக் காரணம் சொல்லாமல் இருக்க வேண்டும்.

ஏற்காட்டு மருமகள்

நான் பிறந்தது சேலம், வாழ்க்கைப்பட்டது ஏற்காட்டில். எனக்கு மங்கு இல்லை, நெற்றியில் பிறவியிலேயே கருஞ்சிவப்பு மச்சம், உள்ளங்கை அகலத்துக்கு. அதனால் இந்தக் கதையை வேறு இடத்தில் நின்று படிக்கிறேன்.

இதில் பூங்கொடியின் அம்மா எங்கே? மகன் கல்யாணம், மண்டபத்தில்தானே இருப்பார்? என் அனுபவத்தில் முதலில் காரணம் சொல்கிறது நான் இல்லை, என் அம்மா. யாராவது என் நெற்றியைப் பார்த்தால் அவர்கள் வாய் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிடுவார், "பொறக்கும்போதே இருந்துச்சுங்க, வேற ஒண்ணும் இல்லை, பரவாதுங்க." சின்ன வயசில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். நான் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பூங்கொடி தன் வாயை மூடிக்கொள்வது சுலபம். அவளுக்காக இன்னொருத்தர் சொல்வாரே, அதை என்ன செய்யப் போகிறாள்?

ராஜ் கேட்கிற மாதிரி பெரியம்மாவை எதிர்த்துப் பேசினால் அன்றைக்கு ராத்திரி பேச்சு வாங்குவது அம்மாதான். "மகளை வளர்த்த லட்சணம்" என்பார்கள். தம்பி கல்யாணத்தில் பூங்கொடி அதைச் செய்ய மாட்டாள்.

ராஜ்_85

பெரியம்மா மனசு புண்படக்கூடாது, அம்மாவுக்குப் பேச்சு வரக்கூடாது, கல்யாணம் நிற்கக்கூடாது. எல்லோரையும் பார்த்துப் பார்த்துத்தான் இத்தனை நாள் காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியிலும் எல்லோரையும் பார்த்தே நடந்துகொண்டால் என்ன மாறியது? எனக்குப் புரியவில்லை, உண்மையாகத்தான் கேட்கிறேன்.

சிவதாபுரத்துக்காரி

எல்லோருக்கும் நன்றி. கடைசிக் காட்சியை மாற்றி எழுதிவிட்டேன். தோழியிடமும் அதே பட்டறைச் சூடு வாக்கியம்தான் இப்போது. கிரீம் குப்பைக்குப் போகவில்லை, டாக்டர் சீட்டோடு வீட்டு அலமாரியில் இருக்கிறது. அம்மாவை முன்பகுதியிலேயே கொண்டுவந்துவிட்டேன். பெரியவர் ஐயா, சீரில் தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

அருமைக்காரர் கூறைச்சேலையின் தலைப்பை பூங்கொடியிடம் நீட்டினார். "நல்லாப் புடிச்சுக்கோ அம்மிணி. நான் சொல்ற வரைக்கும் விடப்படாது."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். புதுப்பட்டின் சரிகை உள்ளங்கையில் முரடாக உறுத்தியது. பத்த வைக்கும்போது சுட்டுக்கொண்ட கட்டைவிரல் தழும்பின் மேலேயே மடிப்பு விழுந்திருந்தது. அந்தப்பக்கத் தலைப்பை வைத்துக்கொண்டு தம்பி நின்றான். அவனுக்குக் காது மடல் வரைக்கும் வேர்த்திருந்தது.

போட்டோகிராபர் குனிந்து பார்த்தான். "அக்கா, மூஞ்சியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்குங்க. லைட்டு இந்தக் கன்னத்துலயே அடிக்குது."

பூங்கொடியின் கை முந்தானைக்காக அசைந்தது. சேலை இழுபட்டது. தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

"இப்படியே எடுங்க தம்பி."

முன்வரிசை நாற்காலியிலிருந்து பெரியம்மா எட்டிப் பார்த்தார். "ஏங் கண்ணு, மூஞ்சிக்கு என்னாச்சு? போன வருஷம் நல்லாத்தானே இருந்தே?"

"மங்குங்க பெரியம்மா."

பெரியம்மா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த அத்தையும் திரும்பினாள். பூங்கொடி பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே நின்றாள்.

"பட்டறைச் சூடு அக்கா," என்றாள் அம்மா பின்னாலிருந்து. "மருந்து போட்டுட்டுத்தான் இருக்..."

"அம்மா," என்றாள் பூங்கொடி. "தம்பிக்கு வேர்த்து ஊத்துது பாரு. துண்டு எடுத்துட்டு வந்து தொடச்சு விடு. எனக்குக் கை இல்லை."

அம்மா துண்டைத் தேடிக்கொண்டு வந்தாள். தம்பியின் நெற்றியைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள். அப்படியே மகள் பக்கம் திரும்பி, கன்னத்தில் அழுத்தாமல் ஒற்றி எடுத்தாள். குடிமகன் மங்கல வாழ்த்தை ஆரம்பித்தார்.

சங்ககிரிப் பெரியவர்

சீர் சரியா இருக்குதுங்க. குடிமகன்னு நாங்க சொல்ற நாவிதர் பாடற மங்கல வாழ்த்து எங்க பக்கம் இந்த நேரத்திலே வராது, இன்னும் பின்னாலே. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துட்டா யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. அருமைக்காரர் பேசற பேச்சு அச்சா எங்க ஊர்ப் பேச்சு.

அம்மாபேட்டை வாசகர்

என் யோசனையில் இல்லாத ஒன்றைச் செய்திருக்கிறீர்கள். நாம் எதிர்பார்த்த அந்த வாக்கியத்தை அம்மா வாயில் வைத்து, பாதியில் வெட்டிவிட்டீர்கள். மிச்சத்தை வாசகர்தான் முடிக்கிறார். "எனக்குக் கை இல்லை" என்ற வரியும் வேலை செய்கிறது, ஏனென்றால் அது உண்மை.

ஒரு சந்தேகம். அம்மா கன்னத்தை ஒற்றி எடுப்பது தேவையா? அதோடு அம்மா பக்கம் எல்லாம் சமாதானமாகிவிடுகிறது. இத்தனை வருஷப் பழக்கம் ஒரு துண்டில் மாறிவிடாது. தம்பி கழுத்தைத் துடைத்ததோடு விட்டால் அம்மா இன்னும் அம்மாவாகவே இருப்பார். மங்கல வாழ்த்து வரி போனால் கதை அங்கேயே முடியும்.

ஏற்காட்டு மருமகள்

அம்மாபேட்டை அண்ணா, இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த ஒற்றல் இருக்கட்டும். அம்மா சமாதானமாகவில்லை, அவருக்கு எதுவும் புரிந்திருக்கவும் வேண்டாம். அடுத்த விசேஷத்தில் மறுபடி சொல்வார், என் அம்மா இன்றைக்கும் சொல்கிறார். ஆனால் மண்டபத்தில் எல்லோர் கண்ணும் பட்ட அந்தக் கன்னத்தை எதுவும் சொல்லாமல் தொடுகிறாரே, அது எனக்கு வேண்டும். அவரை இந்தக் கதையில் வெறும் தடையாக வைத்துவிடாதீர்கள்.

ராஜ்_85

"இப்படியே எடுங்க தம்பி" எனக்கும் பிடித்தது. அங்கே நிமிர்ந்துவிட்டாள், சரி. ஆனால் அம்மாவின் பேச்சைத் துண்டு கேட்டு மாற்றுவது தப்பித்துக்கொள்வதுதான். "அம்மா, சொல்லாதே" என்று நேராகச் சொல்லட்டும். இரண்டே வார்த்தை, பட்டிமன்றமும் ஆகாது.

மருந்துக்கடைத் தம்பி

கிரீமைக் குப்பையிலிருந்து எடுத்ததற்கு நன்றி அக்கா. இன்னொரு சின்ன விஷயம், டாக்டர் சீட்டோடு இருக்கிறது என்று எழுதினால் அவள் டாக்டரைப் பார்த்த மாதிரி ஆகிறது. அப்படிப் பார்த்திருந்தால் தீக்கு முன்னால் உட்காரும்போது என்ன செய்வது என்றும் அவர் சொல்லியிருப்பார். பட்டறைக் காட்சியில் ஒரு டேபிள் ஃபேனைப் பக்கவாட்டில் வைக்கலாமா என்றால், தீ அலையும், பத்த வைக்க முடியாது என்று எங்கள் தெரு ஆட்கள் சொல்கிறார்கள். இதற்கு அவள் என்ன வழி செய்கிறாள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், பட்டறை பார்த்தவர் நீங்கள்.

சிவதாபுரத்துக்காரி

ஃபேன் போடவே முடியாது தம்பி, சொன்னது சரி. எங்கள் தெருவில் மத்தியான வெக்கைக்குப் பயந்து விடியற்காலையில் பத்த வைக்கிற வேலையை முடித்துவிட்டு, வெயில் ஏறினதும் சலங்கை கோக்க உட்கார்ந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை எழுதிவிடுகிறேன், அவள் நாளே அதனால் மாறும்.

மங்கல வாழ்த்து வரியை எடுத்துவிட்டேன் ஐயா. ராஜ், "அம்மா, சொல்லாதே" என்று எழுதிப் பார்த்தேன். பெரியம்மா முன்னால் அம்மாவை அடக்கின மாதிரி விழுகிறது, பூங்கொடி வாயில் அது வரவில்லை. அம்மா கன்னத்தை ஒற்றுகிற வரியை மட்டும் இன்னும் வைக்கவும் மனசில்லை, எடுக்கவும் மனசில்லை. இரண்டு விதமாகவும் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

லாவண்யா_ஓமலூர்

அக்கா, கதையை இப்போதுதான் முழுசாகப் படித்தேன், முதலில் மருந்துக்காகவே வந்தேன். ஜி.எச்.சுக்குப் போனேன் தம்பி. டப்பாவைக் காட்டினதும் டாக்டர் முதலில் கேட்டது எத்தனை மாதம் என்றுதான். படிப்படியாக விட வேண்டும், ஒரு மாதத்துக்கு முகம் இன்னும் சிவக்கும், பயப்படாதீர்கள் என்றார். வளைகாப்பு அந்த மாதத்துக்குள்தான் வருகிறது.

ஒற்றுகிற வரி இருக்கட்டும் என்பது என் ஓட்டு.